பாலிடெக்னிக் மாணவருக்கு எந்த கேட் மென்பொருள்? இலவச லைசென்ஸும் எட்டு ஜிபி லேப்டாப்பும்

ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நாகர்கோவில், மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்துப் பாலிடெக்னிக் பிள்ளைகள் பலருடைய லேப்டாப்பில் ஓடுவது பென்டிரைவில் வந்த கிராக் பதிப்புதான். காரணம் சோம்பேறித்தனம் இல்லை. லைசென்ஸுக்கு விண்ணப்பித்தபோது ஒருமுறை நிராகரிப்பு வந்திருக்கும், ஏன் என்று புரிந்திருக்காது, அதோடு விட்டிருப்பார்கள். அந்த நிராகரிப்புக்குப் பெரும்பாலும் நம் ஊர் இனிஷியல்தான் காரணம்.

ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கல்வி லைசென்ஸில் கணக்கு தொடங்கும்போது முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் வரும். கல்லூரி ஐடி கார்டில் AJIN R என்று இருக்கிற பையன், கடைசிப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரை முழுதாக அடித்து Ajin Rajan என்று கணக்கு தொடங்குகிறான். பிறகு ஐடி கார்டைப் படமெடுத்து ஏற்றுகிறான். சரிபார்ப்பவருக்கு இவை இரண்டு பேருடைய பெயர்கள். R என்றால் Rajan என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரிய வழியில்லை. கணக்கில் உள்ள பெயரும் ஆவணத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே விதி.

ஆகவே கையில் இருக்கும் ஆவணத்தை முதலில் பாருங்கள், கணக்கை அப்புறம் தொடங்குங்கள். கார்டில் AJIN R என்றிருந்தால் முதல் பெயர் Ajin, கடைசிப் பெயர் R. ஒற்றை எழுத்தை ஏதாவது ஒரு கட்டம் ஏற்காமல் அடம்பிடித்தால், கல்லூரி அலுவலகத்தில் போனஃபைட் சான்றிதழ் கேட்டு, அதில் இனிஷியலை விரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கணக்கிலும் அதே விரிந்த பெயர் இருக்கட்டும். ஏற்கெனவே தவறாகத் தொடங்கிய கணக்கு என்றால் புதிதாக இன்னொன்று தொடங்க வேண்டாம், ப்ரொஃபைல் பக்கத்தில் பெயரைத் திருத்தினால் போதும்.

ஆவணத்தில் மூன்று விஷயம் தெளிவாகத் தெரிய வேண்டும்: உங்கள் முழுப்பெயர், கல்லூரியின் பெயர், நடப்புக் கல்வியாண்டைக் காட்டும் தேதி. மூன்றாவதில்தான் ஐடி கார்டு காலை வாரும். பல கார்டுகளில் சேர்ந்த ஆண்டு மட்டும் முன்பக்கம் இருக்கும், செல்லுபடியாகும் ஆண்டு பின்பக்கம் பேனாவில் எழுதியிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அதனால் நேரடியாக போனஃபைட் சான்றிதழுக்கே போவது நல்லது. கல்லூரி லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில், அச்சிட்ட எழுத்தில், முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் தேதியும் கல்வியாண்டும் இருந்தால் போதும். பெயரிட்ட கட்டண ரசீதும் செல்லும், ஆனால் கையால் எழுதியதாக இருந்தால் படிக்க முடியவில்லை என்று திரும்பி வரும். படம் எடுக்கும்போது நான்கு மூலையும் ஃபிரேமுக்குள் வரவேண்டும், பிளாஸ்டிக் உறையின் பளபளப்பு எழுத்தின்மேல் விழக்கூடாது. ஆதார் அட்டையை ஏற்றாதீர்கள், அது மாணவர் என்பதற்குச் சான்றே அல்ல.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலிலும் ஒரு பொறி உண்டு. Government Polytechnic என்று அடித்தால் தமிழ்நாடு முழுக்க உள்ள கல்லூரிகள் வரிசையில் வந்து நிற்கும். கோணம் என்ற ஊரில் உள்ள கல்லூரியில் படிக்கிற பிள்ளை Nagercoil என்று இருப்பதைத் தேடி எடுக்க வேண்டும். முதலில் கண்ணில் பட்டதைத் தொட்டால் ஆவணத்தில் ஒரு ஊர், விண்ணப்பத்தில் வேறு ஊர் என்று ஆகிவிடும். கல்லூரி மின்னஞ்சல் முகவரி இல்லாவிட்டால் சொந்த ஜிமெயில் போதும். பதில் சில சமயம் ஸ்பேமில் போய் உட்கார்ந்திருக்கும், அங்கேயும் பாருங்கள்.

ஒன்று கட்டாயம்: அந்த ஜிமெயில் உங்களுடையதாக இருக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு தங்கள் மின்னஞ்சலில் லைசென்ஸ் போட்டுத் தருகிறவர்கள் உண்டு. கல்வி லைசென்ஸ் ஓராண்டுக்குத்தான் செல்லும், மாணவராக இருக்கும்வரை ஆண்டுதோறும் இலவசமாகப் புதுப்பிக்கலாம். புதுப்பிக்கும் நாளில் கடவுச்சொல் அவர்களிடம் இருக்கும்.

கிராக் பதிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டம், நியாயம் எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். வரைபடம் வைத்திருக்கும் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். நீங்கள் உருவாக்காத acaddoc.lsp என்ற கோப்பு ஒவ்வொரு ஃபோல்டரிலும் முளைத்திருந்தால், ஆட்டோகேட்டுக்கென்றே எழுதப்பட்ட வைரஸ் வந்து சேர்ந்திருக்கக்கூடும். வரைபடம் திறக்கும்போது அந்தப் பெயருள்ள கோப்பைத் தானே ஏற்றிக்கொள்வது ஆட்டோகேட்டின் இயல்பு, அதைப் பிடித்துக்கொண்டுதான் இது பென்டிரைவ் வழியாக லேபுக்கும் வீட்டுக்கும் நடக்கிறது. ஒழுங்கான பதிப்பிலும் SECURELOAD மாறியை 0 ஆக்கி வைக்காதீர்கள். 1 என்றால் நம்பகமான இடத்துக்கு வெளியிலிருந்து வரும் நிரலை ஏற்றுமுன் கேட்கும், 2 என்றால் ஏற்றவே ஏற்றாது.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி. இணையத்தில் இதற்கு எது சிறந்தது என்ற பட்டிமன்றம் ஓயாமல் நடக்கிறது. பாலிடெக்னிக் பிள்ளைக்கு அது தேவையில்லை. லேபில் என்ன இருக்கிறது, வீட்டு லேப்டாப் என்ன தாங்கும், வீட்டில் நெட் எப்படி என்ற மூன்றும் சேர்ந்து முக்கால்வாசி முடிவை எடுத்துவிடும்.

ஒரு மாணவனை எடுத்துக்கொள்வோம். டிப்ளமோ மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு, வீடு குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டத்துப் பக்கம். லேப்டாப்பில் 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. நெட் என்பது போன் ஹாட்ஸ்பாட், மழை பிடித்தால் அதுவும் ஆடும்.

இரண்டு பரிமாண வரைபடத்துக்கு இவனுக்கு யோசிக்கவே வேண்டாம், ஆட்டோகேட்தான். மெஷின் டிராயிங் செய்முறைத் தேர்வை நம் லேப்கள் அதில்தான் நடத்துகின்றன, 8 ஜிபி ராமில் அது ஓடும், டிஸ்கில் 10 ஜிபி அளவு பிடிக்கும். லிப்ரேகேட் இலவசம்தான், நல்லதும்கூட. ஆனால் தேர்வில் மூன்று மணிநேரத்தில் விரல் பழகிய கட்டளைதான் கைகொடுக்கும். வீட்டில் ஒன்று, லேபில் ஒன்று என்று பழகுவது வீண்.

டவுன்லோடு பக்கத்தில் Install, Download என்று இரண்டு வழி இருக்கும். முதலாவது, நிறுவிக்கொண்டே இறக்கும். ஹாட்ஸ்பாட் ஆடும் வீட்டில் அது பாதியில் செத்துப்போகும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, கல்லூரி வைஃபையிலோ பிராட்பேண்ட் உள்ள நண்பன் வீட்டிலோ முழுக் கோப்பையும் இறக்கி வந்து வீட்டில் நிறுவலாம். நிறுவி முடித்ததும் சி டிரைவில் Autodesk என்ற ஃபோல்டர் சில ஜிபி இடத்தைப் பிடித்தபடி நிற்கும். அது விரித்த மூட்டையின் சாக்கு, நீக்கிவிடலாம். லைசென்ஸ் உங்கள் லாகினோடு கட்டப்பட்டது. முப்பது நாளைக்கு ஒருமுறையாவது நெட்டில் இணைத்துத் திறக்காவிட்டால் நின்றுவிடும், மற்ற நாட்களில் நெட் இல்லாமலே வேலை செய்யும்.

திறந்ததும் புதுக் கோப்பை acadiso.dwt டெம்ப்ளேட்டில் தொடங்குங்கள். acad.dwt என்பது அங்குலக் கணக்கு. அதில் தொடங்கிவிட்டு மில்லிமீட்டர் எண்களை அடித்தால் கோடு சரியாகவே விழும், அதனால்தான் தவறு தெரியாது. சென்டர் லைன் விட்டுவிட்டு வராமல் முழுக்கோடாகத் தெரிவதும், ஹாட்ச் கறுப்புத் திட்டாக அப்பிக்கொள்வதும்தான் அடையாளம். திரை நடுங்கினாலோ ஆட்டோகேட் திடீரென மூடிக்கொண்டாலோ GRAPHICSCONFIG என்று அடித்து ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷனை அணைத்துப் பாருங்கள். தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் பாதி நோய் அதிலேயே தீரும்.

லேபில் இருப்பது பழைய பதிப்பு, வீட்டில் இருப்பது புதியது என்றால் வீட்டுக் கோப்பு அங்கே Drawing file is not valid என்று வரும். கோப்பு கெடவில்லை. டிடபிள்யூஜி வடிவம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறது, 2018 முதல் 2025 வரையிலான பதிப்புகளுக்கு ஒரே வடிவம், 2013 முதல் 2017 வரை வேறு, 2010 முதல் 2012 வரை வேறு. OPTIONS அடித்து, Open and Save பக்கத்தில் Save as என்ற இடத்தில் லேபுக்கு ஏற்ற ஆண்டைக் குறித்துவிட்டால் இனி எப்போதும் அதிலேயே சேமிக்கும். லேபில் என்ன பதிப்பு என்று தெரியாவிட்டால் 2010 என்று வைத்துவிடுங்கள், மெஷின் டிராயிங்குக்கு எந்த நஷ்டமும் இல்லை.

முப்பரிமாணத்தில்தான் உண்மையான தேர்வு. அதற்கு ஏன் தனி மென்பொருள் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, இரண்டு தண்டுகளை இணைக்க, பாடத்திலேயே வரும் புரொடெக்டெட் ஃபிளேஞ்ச் கப்ளிங்கை எடுத்துப் பார்க்கலாம். தண்டு 40 மி.மீ. என்றால் ஹப் விட்டம் அதன் இரு மடங்கு, அதாவது 80. ஹப் நீளம் ஒன்றரை மடங்கு, 60. போல்ட் வட்டம் மூன்று மடங்கு, 120. ஃபிளேஞ்ச் வெளிவிட்டம் நான்கு மடங்கு, 160. ஃபிளேஞ்ச் தடிமன் பாதி, 20. போல்ட் மூன்று, எம் 12 அளவு. இப்போது ஆசிரியர் தண்டை 50 ஆக்கச் சொல்கிறார்.

ஆட்டோகேட்டில் பிள்ளைகள் செய்வது SCALE அடித்து 1.25 கொடுப்பது. ஹப் 100, வெளிவிட்டம் 200 என்று எல்லாம் சரியாக வந்தது போலத் தெரியும். ஆனால் ஹப்பைத் தண்டோடு பிணைக்கும் சாவி, 40 தண்டுக்கு 12 × 8 ஆக இருந்தது, இப்போது 15 × 10 ஆகியிருக்கும். 50 தண்டுக்கு அட்டவணை சொல்வது 14 × 9. போல்ட் 15 ஆகியிருக்கும், எம் 15 போல்ட்டைக் கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள். போல்ட் எண்ணிக்கை மூன்றாகவே நிற்கும், 40-க்கு மேலே போனால் நான்கு போட வேண்டும். படம் அழகாக இருக்கும், கப்ளிங் தப்பாக இருக்கும்.

ஆட்டோடெஸ்கின் முப்பரிமாண மென்பொருளான ஃபியூஷனில் இதே வேலையை Modify மெனுவில் Change Parameters திறந்து, படம் தொடங்குமுன்பே இப்படி எழுதி வைக்கலாம்:

```
dia    = 40 mm
hub    = 2 * dia
hublen = 1.5 * dia
pcd    = 3 * dia
od     = 4 * dia
tf     = 0.5 * dia
keyw   = 12 mm
bolt   = 12 mm
n      = 3
```

n-க்கு அலகு வேண்டாம், No Units என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு ஸ்கெட்சில் அளவு கேட்கும் இடத்தில் 80 என்று அடிக்காமல் hub என்று அடிக்க வேண்டும். போல்ட் துளையை ஒன்று மட்டும் போட்டு, சர்க்குலர் பேட்டர்னில் எண்ணிக்கையாக n கொடுங்கள். தண்டு மாறும்போது dia-வை 50 ஆக்கினால் விகிதத்தில் வருபவை எல்லாம் தாமாக மாறும். சாவியும் போல்ட்டும் விகிதத்தில் வருபவை அல்ல, அட்டவணையில் வருபவை. அதனால் அவற்றை வேண்டுமென்றே தனி எண்ணாக விட்டிருக்கிறோம்: keyw 14, bolt 16, n 4 என்று கையால் மாற்ற வேண்டும். எது தானாக மாற வேண்டும், எது மாறக்கூடாது என்று பிரித்து வைப்பதுதான் பாராமெட்ரிக் மாடலிங்கில் கற்க வேண்டிய விஷயம். அதை எந்த மென்பொருளில் கற்றாலும் சாலிட்வொர்க்ஸுக்கோ கிரியோவுக்கோ போகும்போது கூடவே வரும். அதனால் மென்பொருள் பெயருக்காக ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் இந்தப் பையனுக்கு எது? இன்வென்டர் அதே கல்வி லைசென்ஸில் இலவசமாக வருகிறது, லேபிலும் சில இடத்தில் இருக்கிறது. ஆனால் அது குறைந்தபட்சமே 16 ஜிபி ராமும் 40 ஜிபி இடமும் கேட்கிறது. 8 ஜிபியில் நிறுவினால் திறக்கும், ஸ்க்ரூ ஜாக் அசெம்பிளி பாதியில் உறைந்து நிற்கும். சாலிட்வொர்க்ஸ் தனி மாணவருக்கு இலவசம் இல்லை. கல்லூரி லைசென்ஸ் வாங்கியிருந்தால் அதன்வழி கிடைக்கலாம், இல்லையென்றால் காசு. ஆகவே இவன் முன் உண்மையில் இருப்பது நான்கு: ஃபியூஷன், சாலிட் எட்ஜ், ஆன்ஷேப், ஃப்ரீகேட்.

ஃபியூஷனுக்கு ஏற்கெனவே வாங்கிய ஆட்டோடெஸ்க் கணக்கே போதும், 8 ஜிபியில் பாடப் புத்தக அசெம்பிளிகள் ஓடும். திருகு மரையை மட்டும் Modeled என்று டிக் செய்து உண்மையாக வெட்ட வைக்காதீர்கள், டிக் இல்லாமல் விட்டால் மேற்பரப்பில் படமாக மட்டும் காட்டும், லேப்டாப் மூச்சு விடும். கோப்புகள் கிளவுடில் சேமிக்கப்படும் என்பதுதான் இவன் ஊருக்கு இடைஞ்சல். நெட் இல்லாமல் இரண்டு வாரம் வரை ஆஃப்லைனில் ஓட்டலாம், ஆனால் திறக்கப்போகும் கோப்பை முன்பே திறந்து வைத்திருக்க வேண்டும்.

சீமென்ஸின் சாலிட் எட்ஜ் மாணவர் பதிப்பு இலவசம். ஒருமுறை இறக்கி நிறுவிவிட்டால் கோப்பு முழுக்க உங்கள் டிஸ்கிலேயே இருக்கும். நெட் மோசமான மலையோர வீட்டுக்கு இதுவே பொருத்தம். குறை என்னவென்றால், மாணவர் பதிப்பில் செய்த கோப்பு கம்பெனிகளில் உள்ள வணிகப் பதிப்பில் திறக்காது. பயிற்சிக்கு அது தடையில்லை.

ஆன்ஷேப் முழுக்க பிரவுசரில் ஓடுவது. 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் மட்டும் இருப்பவருக்கும், லினக்ஸ் மட்டும் இருப்பவருக்கும் இது வரம். மேலே சொன்ன ஆட்டோடெஸ்க், சீமென்ஸ் மென்பொருள்களுக்கு விண்டோஸ் இருப்பதாக வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன், லினக்ஸில் அவை நேரடியாக ஓடாது. ஆன்ஷேப்பில் பதியும்போது சாதாரண இலவசத் திட்டத்தைத் தொட்டுவிடாமல் கல்வித் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண இலவசத் திட்டத்தில் நீங்கள் செய்யும் எல்லாக் கோப்பும் உலகத்துக்கே திறந்திருக்கும், உங்கள் புராஜெக்ட்டை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். நெட் போனால் ஆன்ஷேப் இல்லை, அவ்வளவுதான்.

ஃப்ரீகேட் ஒன்றுக்குத்தான் லைசென்ஸ் காலாவதி என்பதே கிடையாது, காசுக்கு வேலை செய்யவும் தடையில்லை. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்புக்கு முன்பு, ஆரம்ப ஸ்கெட்சில் ஒரு விளிம்பை மாற்றினால் அதன்மேல் கட்டிய துளையும் ஃபில்லட்டும் இடம் மாறித் தாவும் தொல்லை இருந்தது. அது இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. பழைய யூடியூப் பாடங்களைப் பார்த்து ஒதுக்க வேண்டாம்.

இவனுக்கு என் பரிந்துரை ஆட்டோகேட்டும் சாலிட் எட்ஜும். வீடு வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ இருந்து, பிராட்பேண்டும் இருந்தால் ஆட்டோகேட்டும் ஃபியூஷனும். 16 ஜிபி ராம் இருந்து லேபிலும் இன்வென்டர் என்றால் அதுவே. சிவில் மாணவருக்கு இந்தக் குழப்பமே இல்லை: முதலில் ஆட்டோகேட், 16 ஜிபி இருந்தால் ரெவிட். மூன்று மென்பொருளை ஒரே செமஸ்டரில் நிறுவி மூன்றிலும் ஒரு கனசதுரம் மட்டும் வரையத் தெரிந்தவராக இருக்காதீர்கள்.

எதை எடுத்தாலும் முதல் டிராயிங் ஷீட் போடுமுன் ப்ரொஜெக்‌ஷனைச் சரிபாருங்கள். நம் பாடமும் இந்தியத் தரநிலையும் ஃபர்ஸ்ட் ஆங்கிள். டெம்ப்ளேட் அமெரிக்க முறையில் இருந்தால் தேர்ட் ஆங்கிளில் விழும்: பிளான் கீழே வருவதற்குப் பதில் எலிவேஷனுக்கு மேலே போய் உட்காரும். ஃபியூஷனில் டிராயிங் தொடங்கும்போது ASME-க்குப் பதில் ISO என்று எடுத்தால் சரியாகும். ஆன்ஷேப்பில் டெம்ப்ளேட் தேர்வு செய்யும் இடத்திலும், ஃப்ரீகேட்டில் TechDraw விருப்பங்களிலும் அதற்கான தேர்வு இருக்கிறது. கையால் வரைந்து பழகியவருக்கு இது ஒரு பார்வையில் தெரியும், மாடலிலேயே தொடங்கியவர் மதிப்பெண் போன பிறகுதான் கவனிப்பார்.

கல்வி லைசென்ஸில் செய்வது படிப்புக்கு மட்டும். பக்கத்து லேத் பட்டறைக்கோ வீட்டு பிளான் வரைந்து தருபவருக்கோ காசு வாங்கிக்கொண்டு அதில் வரையக்கூடாது. அப்படி வேலை வந்தால் ஃப்ரீகேட்டிலும் லிப்ரேகேட்டிலும் செய்யுங்கள். சொந்தத் தேவைக்கு ஃபியூஷனில் தனிநபர் பதிப்பு உண்டு, அதில் ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய கோப்பு பத்துதான்.

கடைசி செமஸ்டர் தேர்வு முடியும் வாரத்தில், லைசென்ஸ் உயிரோடு இருக்கும்போதே, நல்ல படங்களை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். ஆட்டோகேட் படம் ஒவ்வொன்றுக்கும் பிடிஎஃப் ஒன்று, டிஎக்ஸ்எஃப் ஒன்று. ஃபியூஷன் மாடலுக்கு ஸ்டெப் கோப்பு ஒன்று, பாராமீட்டர்களோடு மீண்டும் திறக்க f3d ஒன்று. ஸ்டெப்பில் வடிவம் மட்டும்தான் போகும், dia-வும் n-உம் போகாது. அதனால் கப்ளிங்கின் பாராமீட்டர் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள், நேர்முகத் தேர்வில் ஏன் சாவியைத் தனியாக விட்டீர்கள் என்று கேட்டால் காட்ட அது வேண்டும்.